கூட்டலுக்கு முன் ஒரு வாயில்: கரோல் பாகின் தேர்வறைகளிலிருந்து தொழில் யோசனைப் பட்டியல் வரை

கரோல் பாகிலும் அதை ஒட்டிய பழைய ராஜிந்தர் நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்காக வந்து தங்கிய ஒருவருடைய வாழ்வில், படிப்பு முடிந்து பட்டியல் தொடங்கும் ஒரு கட்டம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு ஆறு வாய்ப்புகள், 32 வயது. இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒன்பது வாய்ப்புகள், 35 வயது. இந்த எல்லையைத் தொட்டவர் ஊர் திரும்புவதா, வேலை தேடுவதா, சொந்தமாக ஏதேனும் தொடங்குவதா என்று எண்ணத் தொடங்குகிறார். மூன்றாவதைத் தேர்ந்தவரின் கையில் விரைவிலேயே இருபது, இருபத்தைந்து யோசனைகள் சேர்ந்துவிடுகின்றன. பிறகு ஓர் எக்செல் தாள் திறக்கப்படுகிறது. காலம், பணம், திறன், ஆர்வம் என்று நான்கு நிரல்கள் அமைகின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகையில் முதலிடம் பெற்ற யோசனை வெற்றியாளராகிறது.

இந்த முறை தவறானதன்று. இருபத்தைந்து யோசனைகளை ஒரே நேரத்தில் மனத்துக்குள் வைத்து ஒப்பிட எவராலும் இயலாது. தாளில் இறக்கிவைத்தால்தான் ஒப்பீடு தொடங்கவே முடியும். தவறு கூட்டலில் இருக்கிறது. எதை எதோடு கூட்டலாம், எதைக் கூட்டவே கூடாது என்ற வேறுபாட்டை இந்தத் தாள்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. அந்த வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் மனப்பாடமாக அறிந்திருந்தவர்களே அதைத் தம் சொந்த வாழ்வுக்கு வரும்போது மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வியப்பு.

அவர்கள் எழுதிய தேர்வையே பார்க்கலாம். முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும். 34 பெற்றவருக்கும் 90 பெற்றவருக்கும் அங்கே எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் 32 பெற்றவர் பொது அறிவுத் தாளில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கியிருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். முதன்மைத் தேர்வின் இரண்டு மொழித்தாள்களும் அப்படியே: தலா 300 மதிப்பெண்ணில் 25 விழுக்காடு எடுத்தாக வேண்டும், எடுத்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. தரவரிசைக்குக் கணக்கில் வருபவை ஏழு தாள்களின் 1750 மதிப்பெண்ணும் நேர்காணலின் 275 மதிப்பெண்ணும் மட்டுமே. சில தாள்கள் வாயில்கள், சில தாள்கள் படிகள். வாயிலில் நுழையலாம் அல்லது நுழையாமல் நிற்கலாம்; படியில்தான் மேலே, கீழே என்ற பேச்சு. வாயிலில் விழுந்ததைப் படியில் ஈடுசெய்ய முடியாது.

தொழில் யோசனைத் தாளில் இந்த வேறுபாடு காணாமல் போகும்போது என்ன நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இதில் வரும் மனிதர் கற்பனை. தொகைகளும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து ஐந்தாண்டுகள் கரோல் பாகில் தங்கிய ஒருவர். கையிருப்பு 2,40,000 ரூபாய். அறை வாடகை, சாப்பாடு, பிற செலவுகள் எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாய். அவருடைய பட்டியலில் 24 யோசனைகள். அவற்றுள் மாணவர் அமர்ந்து படிக்கும் வாடகை நூலகம் ஒன்று. அந்த உலகம் அவருக்கு நன்கு தெரியும் என்பதால் திறனுக்கு 8, விருப்பம் மிகுதி, எனவே ஆர்வத்துக்கு 9, காலத்துக்கு 7. முன்பணம், மேசைகள், குளிர்சாதனம் என்று எட்டு லட்ச ரூபாயாவது தேவைப்படும் என்பதால் பணத்துக்கு 2. கூட்டினால் 26. பட்டியலில் அதுவே முதலிடம்.

எட்டு லட்சம் தேவைப்படும் தொழிலை இரண்டரை லட்சம்கூட இல்லாதவருக்கு அந்தத் தாள் பரிந்துரைக்கிறது. பணத்துக்கு இட்ட 2 என்ற மதிப்பெண், 'கடினம்' என்று சொல்கிறது. உண்மையில் சொல்லியிருக்க வேண்டியது 'இயலாது' என்பதை. ஆர்வத்தின் 9 அந்த இயலாமையை மூடி மறைத்துவிட்டது. இப்படி முதலிடம் பெற்ற யோசனைக்காகத்தான் ஊரில் இருக்கும் நிலம் அடமானத்துக்குப் போகிறது. இதே நூலக யோசனைக்கு வேறொரு வாயிலும் உண்டு. 2024 ஜூலையில் பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் இயங்கிய நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன்பின் மாநகராட்சி பல அடித்தளங்களுக்கு முத்திரையிட்டது. அனுமதியற்ற அடித்தளம் என்பது குறைந்த மதிப்பெண் பெறவேண்டிய ஒன்றன்று, பட்டியலிலிருந்தே நீங்கவேண்டிய ஒன்று.

ஆகவே முதல் வேலை மதிப்பெண் இடுவதன்று, வாயில் அமைப்பது. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. காலத்தையும் பணத்தையும் இரண்டு தனித்தனி நிரல்களாக எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் சேமிப்பில் வாழும் ஒருவருக்கு அவை ஒரே பானையிலிருந்து அள்ளப்படுபவை. மாதம் 20,000 செலவாகும் நிலையில், தொழிலில் போடும் ஒவ்வொரு இருபதாயிரமும் அவர் தில்லியில் தங்கக்கூடிய ஒரு மாதத்தைக் குறைக்கிறது. எனவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: தொடங்கும் செலவையும், முதல் வருமானம் வரும்வரை ஆகும் வாழ்க்கைச் செலவையும் கூட்டினால் கையிருப்புக்குள் அடங்குமா? ஊர் திரும்பவும் எதிர்பாராத செலவுக்கும் 40,000 ரூபாயைத் தொடாமல் வைத்தால் அவருடைய எல்லை இரண்டு லட்சம்.

இந்த ஒரு கணக்கைப் போட்டவுடன் பட்டியலின் தோற்றமே மாறுகிறது. யூடியூபில் நாட்டு நடப்பு விளக்கும் அலைவரிசை, வெறும் 40,000 ரூபாயில் தொடங்கக்கூடியது. தனி நிரலில் பணத்துக்கு நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும். ஆனால் அதிலிருந்து வருமானம் வரப் பதினான்கு மாதம் ஆகும் என்று அவர் மதிப்பிட்டால், வாழ்க்கைச் செலவு மட்டும் 2,80,000, மொத்தம் 3,20,000. மலிவான யோசனை என்று தோன்றியது வாயிலிலேயே நின்றுவிடுகிறது. மாறாக, டேங்க் ரோடு மொத்தக் கடைகளில் ஜீன்ஸ் வாங்கி ஊர்க் கடைகளுக்கு அனுப்பும் யோசனைக்கு ஒரு லட்ச ரூபாய் சரக்கு வேண்டும். ஆயினும் நான்கு மாதத்தில் பணம் திரும்பத் தொடங்குமானால் மொத்தம் 1,80,000. செலவு மிகுந்ததாகத் தோன்றியது எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. இந்த வாயிலில் 24 யோசனைகளுள் 13 நின்றுவிட்டன என்று கொள்ளலாம். மீதி 11.

இனித்தான் படிகள். இங்கே வரும் சிக்கல் மொழி சார்ந்தது. திறனுக்கு 7 என்றால் என்ன பொருள்? 6-க்கும் 7-க்கும் இடையே என்ன இருக்கிறது? தாளை நிரப்பியவரிடம் கேட்டால் விடை இராது. பத்துப் படி உள்ள அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் பெயர் இல்லையென்றால், அந்த எண் அன்றைய மனநிலையின் பதிவேயன்றி வேறில்லை. நான்கு படிகள் போதும். ஆனால் ஒவ்வொன்றும் நடந்த ஒரு செயலைச் சுட்டவேண்டும். திறனுக்கு: யாரைக் கேட்பதென்றே தெரியாது, 0, அறிந்தவர் ஒருவரிடம் மூன்று மாதத்தில் கற்கலாம், 1, பணம் பெறாமல் பிறருக்குச் செய்து கொடுத்ததுண்டு, 2, அதற்காக யாரேனும் பணம் கொடுத்ததுண்டு, 3. இப்போது எண் ஒரு சாட்சியைக் கோருகிறது. நண்பர்களின் விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தவர் தமக்கு 2 இட்டுக்கொள்ளலாம். 3 இட முடியாது.

ஆர்வம் என்ற சொல்தான் இன்னும் வழுக்குவது. தமிழில் 'எனக்கு அதில் ஆர்வம் உண்டு' என்னும்போது, அந்தத் தொழிலைச் செய்ய விருப்பமா, அந்தத் தொழிலைச் செய்பவராக அறியப்பட விருப்பமா என்பது தெளிவாவதில்லை. உணவகம் வைக்க விரும்புபவர் பலர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிரைண்டர் கழுவ விரும்புபவர் சிலர். எனவே அளவுகோலைத் தொழிலின் மிகச் சலிப்பான மணிநேரத்தின்மேல் வைக்கவேண்டும். ஒரு வாரம்கூடத் தாங்காது, 0. நல்ல வருமானம் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், 1. யாரும் கேட்காமலே இதுபோன்ற வேலையில் ஈடுபட்டதுண்டு, 2. அந்தச் சலிப்பான பகுதியையும் மனமொப்பிச் செய்ய முடியும், 3. திறனிலோ ஆர்வத்திலோ 0 பெற்ற யோசனை அங்கேயே நீங்கும். இதுவும் ஒரு வாயில்தான்.

வாயிலைக் கடந்த யோசனைகளுக்குள்ளும் பணத்திலும் காலத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு. அதற்கும் மூன்று படிகள் போதும். தொடக்கச் செலவு 25,000-க்குள் என்றால் 3, 75,000-க்குள் என்றால் 2, அதற்கு மேல் 1. முதல் வருமானம் ஒரு மாதத்துக்குள் என்றால் 3, மூன்று மாதத்துக்குள் என்றால் 2, அதற்கு மேல் 1.

மதிப்பெண் இடும் வரிசையும் முக்கியமானது. ஒரு யோசனையை எடுத்து அதன் நான்கு கட்டங்களையும் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவது இயல்பான வழக்கம். அப்படிச் செய்யும்போது, பிடித்த யோசனைக்கு நான்கு கட்டங்களிலும் எண்கள் தாமாகவே உயர்ந்துவிடுகின்றன. 1950-களின் நடுவில் இஸ்ரேல் படையில் ஆள்தேர்வு நேர்காணலைச் சீரமைத்த உளவியலாளர் டேனியல் கானமன் இதே சிக்கலைச் சந்தித்தார். அவர் ஆறு பண்புகளை வகுத்து, ஒன்றைப் பற்றிக் கேட்டு மதிப்பெண் இட்டபின்பே அடுத்ததற்குப் போகவேண்டும் என்று விதித்தார். அந்த முறை பழைய நேர்காணலைவிட நன்றாக வேலை செய்தது. தாளிலும் அவ்வாறே நிரல்வாரியாக இறங்கவேண்டும். 11 யோசனைகளுக்கும் திறன் மதிப்பெண்ணை மட்டும் இட்டு, அந்த நிரலை மறைத்துவிட்டு, மறுநாள் ஆர்வத்தைத் தொடங்குவது நல்லது.

இவ்வாறு இட்ட மதிப்பெண்களில் ஆறு யோசனைகளை மட்டும் இங்கே காணலாம். தமிழில் முதன்மைத் தேர்வு எழுதுவோரின் விடைகளைத் திருத்திக் கொடுப்பது: பணம் 3, காலம் 2, திறன் 2, ஆர்வம் 3, மொத்தம் 10. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஆவண மொழிபெயர்ப்பு: 3, 2, 3, 1, மொத்தம் 9. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு அறை பார்த்துக் கொடுப்பது: 3, 3, 2, 1, மொத்தம் 9. இட்லி மாவு அரைத்து விற்பது: 1, 2, 1, 2, மொத்தம் 6. ஜீன்ஸ் அனுப்புவது: நான்கிலும் 1, மொத்தம் 4. கஃபார் மார்க்கெட்டில் கைப்பேசித் துணைப்பொருள்கள் வாங்கி இணையத்தில் விற்பது: 2, 2, 0, 2. வெறும் கூட்டலில் அதுவும் 6 பெற்று இட்லி மாவுக்கு இணையாக நிற்கும். ஆனால் போலியையும் அசலையும் பிரித்தறியத் தெரியாதவர் அந்தச் சந்தையில் சரக்கெடுப்பது எப்படி முடியும் என்பது கரோல் பாகில் ஓராண்டு இருந்தவருக்கும் தெரியும். திறனின் 0 அதை நீக்கிவிடுகிறது.

இப்போது விடைத்தாள் திருத்தும் யோசனை 10 பெற்று வென்றுவிட்டது என்று முடிவு செய்யலாமா? கூடாது. ஒரு வாரம் கழித்துப் பழைய எண்களைப் பாராமல் மீண்டும் மதிப்பெண் இட்டால் ஒன்றிரண்டு எண்கள் மாறியே தீரும். ஒன்றிரண்டு மதிப்பெண் ஆடும் தராசில் ஒரு மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பொருள் இல்லை. இங்கே வேறொரு சோதனை உதவும். எந்த நிரல் முக்கியமோ அதை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது. ஆர்வத்தை இரட்டித்தால் முதல் மூன்றும் 13, 10, 10. பணத்தை இரட்டித்தால் 13, 12, 12. காலத்தை இரட்டித்தால் 12, 11, 12. திறனை இரட்டித்தால் 12, 12, 11. இட்லி மாவு எந்த நிலையிலும் 8-ஐத் தாண்டவில்லை. ஜீன்ஸ் 5-லேயே நிற்கிறது.

இந்த எண்களை நிதானமாகப் பார்த்தால் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது விளங்கும். முதல் மூன்று எவை என்பதில் அது உறுதியாக இருக்கிறது. எந்த நிரலுக்கு முக்கியத்துவம் கொடுத்தாலும் அந்த மூன்றும் மேலேயே நிற்கின்றன. ஆனால் மூன்றுக்குள் முதலாவது எது என்பதில் அது தடுமாறுகிறது. காலத்தை இரட்டித்தால் அறை பார்ப்பதும், திறனை இரட்டித்தால் மொழிபெயர்ப்பும் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நிரலுக்கு எத்தனை எடை என்று நாள்கணக்கில் விவாதிப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் அந்த விவாதமே பெரும்பாலும் தேவையற்றது என்று உணர்வார்கள். உளவியலாளர் ராபின் டாஸ் 1979-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதற்கு அணுக்கமானதே: சரியான காரணிகளைத் தேர்ந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்தாலும் கணிப்பு பெரிதாகக் கெடுவதில்லை. இருபத்து நான்கை மூன்றாக்குவது தாளின் வேலை. மூன்றை ஒன்றாக்குவதைத் தாளிடம் கேட்பது பொருந்தாது.

அதற்குக் காரணமும் தாளிலேயே தெரிகிறது. காலம், பணம், திறன், ஆர்வம் ஆகிய நான்கும் தொழில் செய்பவரைப் பற்றியவை. வாங்குபவர் எங்கே? திருக்குறளில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. தாளில் வலியும் காலமும் உண்டு; இடன் இல்லை. 1994-இல் ஜெஃப் பெசோஸ் இணையத்தில் விற்கக்கூடிய இருபது பொருள்களைப் பட்டியலிட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தபோது, அவர் சொன்ன காரணம் புத்தகத்தின்மேல் கொண்ட காதலன்று. வேறெந்தப் பொருள்வகையிலும் இல்லாத அளவு தலைப்புகள் அதில் இருந்தன, எந்தக் கடையாலும் அவற்றை அடுக்கி வைக்க முடியாது என்பதே. அது பொருளையும் சந்தையையும் பற்றிய அளவுகோல்.

ஐந்தாவதாகச் 'சந்தை' என்று ஒரு நிரலைச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். சேர்க்கலாம்; ஆனால் அறையில் அமர்ந்து இடக்கூடிய எண்ணன்று அது. தம் பணத்தையும் தம் விருப்பத்தையும் ஒருவர் ஓரளவு அறிவார். பிறர் பணம் கொடுப்பாரா என்பதைக் கேட்டுத்தான் அறிய முடியும். தமிழில் விடை எழுதுவோர் எத்தனை பேர், அவர்களுள் திருத்தத்துக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பது விடைத்தாள் யோசனையின் உயிர்நிலை. அந்த எண் சிறியதாக இருக்கலாம். தாளின் 10 மதிப்பெண்ணில் அந்த ஐயத்துக்கு இடமே இல்லை.

ஆகவே மூன்று யோசனைகளுக்கும் தலா மூன்று வாரம், மூவாயிரம் ரூபாய் என்று ஒரு சிறு சோதனை வேண்டும். அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். பத்து மாணவரிடம் முன்பணம் கேட்டு மூவராவது கொடுத்தால் விடைத்தாள் யோசனை தொடரும். 'நல்ல முயற்சி, செய்யுங்கள்' என்ற பாராட்டு கணக்கில் வராது. மொழிபெயர்ப்புக்கு ஒரு கூலி வேலையாவது கையில் வரவேண்டும். அறை பார்ப்பதற்கு, புதிய வகுப்புகள் தொடங்காத மாதத்திலும் இருவராவது கட்டணம் கொடுக்கவேண்டும். பருவத்தில் மட்டும் ஓடும் தொழில் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாது.

சோதனைக்கும் விலை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் ஒன்பது வாரம். வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ 40,000, சோதனைச் செலவு 9,000. இரண்டு லட்சத்தில் 1,51,000 மிஞ்சும். தேர்ந்த மூன்றில் எதற்கும் 85,000-க்கு மேல் தேவைப்படாது என்பதால் எது வென்றாலும் அதைத் தொடங்கப் பணம் இருக்கும். மூன்றுமே தோற்றாலும், 1,30,000-இல் அடங்கும் இட்லி மாவு வாயிலுக்குள் இருக்கும். 1,80,000 கேட்கும் ஜீன்ஸ் அதற்குள் வெளியே போயிருக்கும். வாயில் ஒருமுறை அமைத்துவிட்டு மறக்கக்கூடியதன்று. மாதந்தோறும் இருபதாயிரம் வீதம் அது குறுகிக்கொண்டே வருகிறது. பட்டியலை அழகுபடுத்துவதில் கழியும் மாதமும் அந்தக் கணக்கில் சேரும்.

உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா என்ற கேள்வி எஞ்சுகிறது. கானமனின் நேர்காணல் முறையில் அதற்கும் விடை உண்டு. ஆறு பண்புகளுக்கும் தனித்தனியாக மதிப்பெண் இட்டு முடித்தபின், கண்ணை மூடி அந்த வீரரைக் கற்பனை செய்து ஒரு மொத்த மதிப்பெண் இடும்படி அவர் நேர்காணல் செய்பவர்களிடம் சொன்னார். அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பயன்பட்டது. உள்ளுணர்வு தாளுக்கு முன்னால் வந்தால் எண்களைத் தன் பக்கம் வளைக்கும். தாளும் சோதனையும் முடிந்தபின் வந்தால் அவற்றில் கண்டதையும் சேர்த்துக்கொண்டு பேசும்.

ஆண்டுகளைத் தேர்வுக்குக் கொடுத்தவருக்கு மதிப்பெண் மேல் நம்பிக்கை இருப்பது இயல்பு. அதே தேர்வு இன்னொன்றையும் கற்பித்தது: எந்தத் தாளின் மதிப்பெண் கணக்கில் வரும், எது வெறும் தகுதி என்பதை முதலில் படித்துக்கொள்வது. எக்செல் தாளில் முதல் எண்ணை இடுவதற்கு முன், அதன் மேல்வரியில் 'இரண்டு லட்சம், பத்து மாதம்' என்று எழுதுவதே அந்தப் பாடத்தின் பயன். அந்த வரியைத் தாண்டிய யோசனைக்கு ஆர்வத்தில் எத்தனை மதிப்பெண் என்று கேட்கவேண்டிய தேவையே எழாது.